பிரிப்பதற்கு முன் இனம் சேருங்கள்: தமிழ்த் தரவு தொகுக்கும் நண்பர்களுக்கு



தமிழில் கேள்வி-பதில்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டு திறந்த மொழி மாதிரிகளை ஃபைன்-டியூனிங் செய்யும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். மாணவர்கள், தன்னார்வலர்கள், சிறிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் என உங்களில் பலருடைய தொகுப்புகளைத் திறந்து வரி வரியாகப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரே குறை தொகுப்புக்குத் தொகுப்பு திரும்ப வருகிறது. சோதனைத் தொகுப்பில் மாதிரி அபாரமான மதிப்பெண் வாங்குகிறது. வெளியிலிருந்து புதிதாக ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கே தடுமாறுகிறது. பலர் இதற்கு மாதிரியைக் குறை சொல்கிறார்கள், இன்னும் பெரிய மாதிரி வேண்டும் என்கிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் தொகுப்பைப் பிரித்த விதத்தில்தான் இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. நெல் சாகுபடி பற்றிய கேள்வி-பதில் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் இப்படித்தான் செய்கிறீர்கள்: விவசாயிகள் கேட்கும் கேள்விகளில் 600-ஐத் தேர்ந்தெடுக்கிறீர்கள், விவரம் தெரிந்தவரிடம் பதில் வாங்குகிறீர்கள். 600 போதாது என்று தோன்றுகிறது. ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து விதமாக மாற்றி எழுதுகிறீர்கள்: ஒன்று புத்தகத் தமிழில், ஒன்று பேச்சுத் தமிழில், ஒன்று தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கில். இப்போது 3000 வரிகள். அவற்றைக் கலைத்துப் போட்டு, 10 சதவீதத்தை, அதாவது 300 வரிகளை, சோதனைக்கு என்று எடுத்து வைக்கிறீர்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். சோதனைப் பக்கம் போன ஒரு வரிக்கு நான்கு உடன்பிறப்புகள் உண்டு. அந்த நான்கும் சோதனைப் பக்கமே போயிருந்தால்தான் அந்தக் கேள்வி மாதிரிக்குப் புதியது. ஒவ்வொன்றும் அங்கே போக வாய்ப்பு பத்தில் ஒன்று. நான்கும் போக வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆக, 300 சோதனை வரிகளில் ஒன்றுகூட உண்மையில் புதிதாக இருக்காது. ஒவ்வொன்றின் பதிலும் பயிற்சித் தொகுப்பில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது. நீங்கள் அளந்தது மாதிரியின் மனப்பாடத்தை. ஐந்துக்குப் பதில் மூன்று வடிவம் எழுதியிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது: அப்போது நூற்றுக்கு ஒரு வரி புதிதாக இருக்கும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: பிரிப்பது முதல் வேலை அல்ல. எந்த வரி எதற்கு உறவு என்று கண்டுபிடித்து இனம் சேர்ப்பதுதான் முதல் வேலை. பிறகு இனத்தை இனமாகவே ஒரு பக்கம் அனுப்ப வேண்டும், வரியை வரியாக அல்ல.

அதற்குத் தொகுப்பின் வடிவத்திலேயே இடம் வைக்க வேண்டும். வரிக்கு ஒரு ஜேசன் பொருளாக `.jsonl` கோப்பில் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது; நல்ல வழக்கம். ஆனால் கேள்வியையும் பதிலையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறீர்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது, எந்தக் கேள்வியின் மாற்று வடிவம் என்பது எழுதியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு வரியோடும் இவை இருக்கட்டும்:

```
{"messages": [
   {"role": "user", "content": "நெல்லுல நடுக்குருத்து காயுது, ஏன்?"},
   {"role": "assistant", "content": "தண்டுத் துளைப்பான் தாக்கினால்..."}],
 "group": "nel-0143", "source": "tholaipesi", "variant_of": "q0143-1"}
```

படிக்க வசதியாக இங்கே மடித்துக் காட்டியிருக்கிறேன். கோப்பில் இது ஒரே வரியில் இருக்க வேண்டும். பைத்தானில் எழுதும்போது `ensure_ascii=False` கொடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் `\u0ba8` என்ற மாதிரிக் குறிகளாக மாறிவிடும். கணினிக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் யாரும் கோப்பைத் திறந்து கண்ணால் படிக்க மாட்டார்கள், தவறுகள் அப்படியே தங்கிவிடும்.

மாற்று வடிவங்களை நீங்களே எழுதியிருந்தால் `variant_of` போதும், இனம் தானாகச் சேர்ந்துவிடும். நிஜத் தொகுப்புகள் அப்படி இருப்பதில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்தின் வாசகம் மூன்று இணையதளங்கள் வழியாக மூன்று முறை வந்திருக்கும். இரண்டு விவசாயிகள் ஒரே கேள்வியை வேறு வேறு வாரம் கேட்டிருப்பார்கள். இந்த உறவுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி, ஒரே எழுத்து கணினிக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும். தமிழில் இதற்குத் தனிக் கவனம் தேவை. "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு.

```python
import unicodedata
a = "\u0B95\u0BCA"
b = "\u0B95\u0BC6\u0BBE"
print(a == b)                                # False
print(unicodedata.normalize("NFC", b) == a)  # True
```

ஆகவே எல்லா வரிகளையும் `NFC` வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இது தீர்க்காத ஒரு சிக்கலும் உண்டு. "பௌர்ணமி" என்று எழுத ஔகாரக் குறி இருக்கிறது. பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். அது `NFC`-க்குப் பிழையாகவே தெரியாது. எகரக் குறிக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்று என்று விதி எழுதவும் முடியாது. எழுதினால் "வெளியே", "வெள்ளம்" எல்லாம் கெட்டுப்போகும். ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் குறைவுதான். ஒரு சிறு சொற்பட்டியல் வைத்துத் திருத்துவதே வழி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது; பலருடைய நிரலில் இருக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஒப்பிடும் முன் நிறுத்தற்குறிகளை நீக்க வேண்டும் என்று `re.sub(r"[^\w\s]", "", text)` என்ற வரியை ஆங்கிலப் பாடங்களிலிருந்து எடுத்துப் போடுகிறீர்கள். பைத்தானின் `re` தொகுதியில் `\w` என்பது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் ஏற்கும். தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யுனிகோடு வகைப்பாட்டில் எழுத்து அல்ல, ஒட்டுக்குறி. எனவே காற்புள்ளியோடு சேர்த்துக் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அந்த வரி அழித்துவிடுகிறது. "கொடி" என்பது "கட" ஆகிறது. "காடு", "கூடு", "குடை" ஆகியவையும் "கட" ஆகின்றன. குறுகிய கேள்விகள் வேறு வேறாக இருந்தும் ஒன்றாகத் தெரிந்து நீக்கப்படும். நீண்ட வரிகளுக்கு இடையே இல்லாத ஒற்றுமை தெரியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. தொகுப்பு சுருங்கியதைப் பார்த்து, நிறைய நகல் இருந்தது போலும் என்று நினைத்துக்கொள்வீர்கள். இதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்:

```python
def key(s):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", s):
        k = unicodedata.category(c)
        if k == "Cf":        # கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள்
            continue
        out.append(c if k[0] in "LMN" else " ")
    return " ".join("".join(out).split())
```

எழுத்து, ஒட்டுக்குறி, எண் மூன்றையும் காப்பாற்றுகிறது, மற்றதை வெற்றிடமாக்குகிறது. அழிக்காமல் வெற்றிடமாக்குவதற்குக் காரணம் இருக்கிறது. "2.5 மில்லி" என்பதிலுள்ள புள்ளியை வெறுமனே அழித்தால் அது "25 மில்லி" ஆகிவிடும். பூச்சிமருந்து அளவில் பத்து மடங்கு வித்தியாசத்தை நகல் என்று தள்ளிவிடக் கூடாது. இந்தச் சாவி ஒப்பிடுவதற்கு மட்டும்தான். பயிற்சிக்குப் போகும் வரியில் நிறுத்தற்குறிகள் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

சாவி அப்படியே பொருந்தினால் முழு நகல். அடுத்தது கிட்டத்தட்ட நகல். இதற்கு வரியைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு வரிகளுக்கும் பொதுவான துண்டுகள் மொத்தத் துண்டுகளில் எத்தனை பங்கு என்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் சொற்களை வைத்து வெட்டுவார்கள். தமிழில் அது சரிப்படாது. "நெல்லுக்கு", "நெல்லில்", "நெல்லுக்கான" எல்லாம் கணினிக்கு வேறு வேறு சொற்கள். வேற்றுமை உருபு மாறினாலே ஒற்றுமை சரிந்துவிடும். எழுத்துக் குறிகளை ஐந்தைந்தாக எடுத்து, ஒவ்வொரு இடமாக நகர்த்தி வெட்டுங்கள். கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்தால் எல்லா ஜோடிகளையும் ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் ஆண்ட்ரே பிரோடர் 1997-ல், ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் காலத்தில், மின்ஹாஷ் என்ற குறுக்கு வழியைத் தந்தார். இன்றும் பெரிய தொகுப்புகளில் அதுதான் நடக்கிறது. நம்முடைய 3000 வரிகளில் மொத்தம் 44,98,500 ஜோடிகள். ஒரு மடிக்கணினியே நேரடியாக ஒப்பிட்டு முடித்துவிடும். மின்ஹாஷைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இந்த அளவுக்கு அது தேவையில்லை.

எந்த அளவுக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நகல் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். 0.8 என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜோடிகளை ஒற்றுமை வரிசையில் அடுக்கி, 0.9 பக்கத்தில் முப்பது, 0.8 பக்கத்தில் முப்பது, 0.7 பக்கத்தில் முப்பது என எடுத்து உட்கார்ந்து படியுங்கள். எங்கே உறவு முடிந்து தற்செயல் தொடங்குகிறது என்பது உங்கள் தொகுப்பிலேயே தெரியும்.

அப்படிப் படிக்கும்போது இப்படி ஒரு ஜோடி கண்ணில் படும். "குறுவைப் பருவத்தில் நெல்லுக்கு முதல் மேலுரம் எப்போது இட வேண்டும்?" "சம்பாப் பருவத்தில் நெல்லுக்கு முதல் மேலுரம் எப்போது இட வேண்டும்?" ஒரே ஒரு சொல் வேறு. எந்தக் கணக்கிலும் இவை நெருங்கிய உறவு. ஆனால் குறுவைக்குக் குறுகிய கால ரகம், சம்பாவுக்கு மத்திய கால அல்லது நீண்ட கால ரகம். பயிரின் வளர்ச்சிக் கட்டம் வரும் நாள் வேறு, பதிலும் வேறு. இதில் ஒன்றை நகல் என்று நீக்கினால், மாதிரி கற்றுக்கொள்ள வேண்டிய வேறுபாட்டையே அழித்துவிடுகிறீர்கள்.

நீக்குவதும் இனம் சேர்ப்பதும் ஒன்றல்ல என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கேள்வியும் பதிலும் இரண்டுமே ஒன்று என்றால் நீக்குங்கள். ஒரு பிரசுரத்தின் பத்தி நாற்பது முறை வந்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். நாற்பதையும் விட்டுவைத்தால் மாதிரி அந்த வாசகத்தை ஒப்பிக்கத் தொடங்கும். கேத்தரின் லீ, டாஃப்னே இப்போலிட்டோ முதலியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், சி4 என்ற பெரிய ஆங்கிலத் தொகுப்பில் 61 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம் 60,000 தடவைக்கு மேல் இருந்ததைக் காட்டினார்கள். நகல் நீக்கிப் பயிற்றுவித்த மாதிரிகள், மனப்பாட வாசகத்தைக் கொட்டுவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆனால் கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட்டு, பதில் ஒன்றாக இருந்தால் அதை நீக்க வேண்டாம். பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ள மாதிரிக்கு அது வேண்டும். ஒரே இனத்தில் சேர்த்து வையுங்கள், அவ்வளவுதான். குறுவை-சம்பா ஜோடியில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே இனத்தில் போடுங்கள்.

இந்த வேலையில் இன்னொரு பலன் கிடைக்கிறது. கேள்வி ஏறக்குறைய ஒன்று, பதிலில் எண் மட்டும் வேறு என்ற ஜோடிகளைத் தனியாகப் பட்டியல் எடுங்கள். 2 மில்லி என்று ஒன்றும் 20 மில்லி என்று ஒன்றும் இருக்கும். ஒன்று தட்டச்சுப் பிழை; அல்லது ஒன்று லிட்டருக்கு, மற்றது பத்து லிட்டர் தெளிப்பானுக்கு. நிரலால் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேரம் செலவாகும். தொகுப்பில் வேறெந்த வேலைக்கும் இந்த அளவு பயன் வராது.

எழுத்து ஒற்றுமை பிடிக்காத உறவும் இருக்கிறது. "நடுக்குருத்து காயுது, என்ன பண்றது?" என்பதற்கும் "நெல்லில் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்துவது எப்படி?" என்பதற்கும் பொதுவான சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இளம்பயிரில் தண்டுத் துளைப்பான் தாக்கினால் நடுக்குருத்துதான் காயும், பதில் ஒன்றே. அதனால் பதில்களையும் இதே முறையில் ஒப்பிடுங்கள். கேள்வி ஒத்தாலும் சரி, பதில் ஒத்தாலும் சரி, இரண்டு வரிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடுகளால் தொடர்ந்து பிணைந்த வரிகள் எல்லாம் ஓர் இனம்.

இதில் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. பல பதில்களின் கடைசியில் "மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும்" என்ற மாதிரி வாசகம் இருக்கும். குட்டிப் பதில்களில் அதுவே பாதி இடம். அதை வைத்து ஒப்பிட்டால் சம்பந்தமே இல்லாத பதில்கள் ஒட்டிக்கொண்டு, அவை வேறு சிலவற்றை இழுத்து, பாதித் தொகுப்பு ஒரே இனமாகிவிடும். இனம் சேர்த்து முடித்ததும் எத்தனை இனம், மிகப் பெரிய இனத்தில் எத்தனை வரி என்று பாருங்கள். நம் 3000 வரிகளில் இனங்கள் 500-க்குப் பக்கத்தில் வந்து, பெரியதில் இருபது முப்பது வரிகள் இருந்தால் நம்பலாம். பெரியதில் 1200 வரிகள் என்றால் ஏதோ ஒரு சம்பிரதாய வாசகம் ஒட்டவைத்திருக்கிறது. அடிக்கடி வரும் வாக்கியங்களைக் கண்டுபிடித்து, ஒப்பிடும் சாவியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மொழிபெயர்த்த தொகுப்புகளைச் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்டின் அல்பாகா 2023 மார்ச்சில் வந்தது. 52,000 ஆங்கிலக் கட்டளைகள். அதைத் தமிழில் இயந்திர மொழிபெயர்ப்பு செய்த வடிவங்கள் ஒன்றுக்கு மேல் உலவுகின்றன. இரண்டை ஒன்றாகக் கொட்டினால் ஒரே கேள்வி இரண்டு நடையில் வரும்; எழுத்து ஒற்றுமை அதைப் பிடிக்காது. ஆங்கில மூலத்தின் வரிசை எண்ணை ஒவ்வொரு வரியோடும் வைத்திருந்தால் அதுவே இன அடையாளம். எண் இல்லாத மொழிபெயர்ப்பை நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன்.

இனம் சேர்ந்துவிட்டால் பிரிப்பது எளிது. `sklearn`-இல் `GroupShuffleSplit` இருக்கிறது. அதில் `test_size=0.1` என்பது இனங்களில் 10 சதவீதம், வரிகளில் அல்ல; வரி எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஆனால் தொகுப்பு வளர்ந்துகொண்டே போகும் என்றால் இன்னொரு வழி மேல். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலைத்தால் போன மாதம் சோதனையில் இருந்தது இந்த மாதம் பயிற்சிக்குப் போய்விடும். இனத்தின் பெயரே பக்கத்தைத் தீர்மானிக்கட்டும்:

```python
import hashlib
def side(group_id):
    h = int(hashlib.sha256(group_id.encode("utf-8")).hexdigest(), 16) % 100
    return "test" if h < 10 else "val" if h < 20 else "train"
```

பைத்தானின் சொந்த `hash()` இதற்கு ஆகாது. சரங்களுக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண் தரும். இனத்தின் பெயரை ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்றக் கூடாது. புதிதாக வரும் வரி சோதனை இனம் ஒன்றையும் பயிற்சி இனம் ஒன்றையும் இணைத்தால், அந்த வரியைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஒரு வரி போனால் போகட்டும்.

மூன்று பக்கம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை சுற்றுப் பயிற்சி, எந்த வேகம் என்று பத்து விதமாக ஓட்டிப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பீர்கள். அந்தத் தேர்வு சரிபார்ப்புத் தொகுப்பை வைத்து நடக்க வேண்டும். சோதனைத் தொகுப்பைக் கடைசியில் ஒரு தடவை மட்டும் திறக்க வேண்டும். அதை வைத்தே தேர்ந்தெடுத்துவிட்டு அதன் மதிப்பெண்ணையே வெளியிட்டால், தற்செயலாக அதிகம் வந்த ஓட்டத்தைத்தான் வெளியிடுகிறீர்கள்.

மதிப்பெண்ணின் நுணுக்கத்தையும் பெரிதுபடுத்த வேண்டாம். 300 கேள்விகளில் 80 சதவீதம் சரி என்றால், உண்மை அதற்கு மேலும் கீழும் நாலரைப் புள்ளிக்குள் எங்கும் இருக்கலாம். 30 கேள்விகள் என்றால் பதினான்கு புள்ளி. அந்த 300-ம் தனித்தனிக் கேள்விகளாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. அறுபது இனங்களின் ஐந்து வடிவங்கள் என்றால் உங்களிடம் இருப்பது 60 கேள்விகளுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே சோதனைப் பக்கத்தில் இனத்துக்கு ஒரு வரி மட்டும் வைப்பது நல்லது. இரண்டு மாதிரிகளுக்கு இடையே இரண்டு புள்ளி வித்தியாசத்தைக் காட்டி ஒன்று மேல் என்று அறிவிப்பதை நிறுத்துங்கள்.

இனி மாதிரிக்குக் கொடுக்கும் வடிவம். ஒவ்வொரு மாதிரிக்கும் உரையாடலை எழுதும் டெம்ப்ளேட் ஒன்று உண்டு: யார் பேசுகிறார், எங்கே முடிகிறார் என்று காட்டும் சிறப்பு டோக்கன்கள். லாமா 2-க்கு ஒன்று, லாமா 3-க்கு வேறொன்று. கையால் சரம் கோர்க்காமல் டோக்கனைசரின் `apply_chat_template`-ஐயே பயன்படுத்துங்கள். பயிற்சியிலும் அதுவே, சோதனையிலும் அதுவே. அப்படிக் கிடைத்த சரத்தை மறுபடி டோக்கனைசருக்குக் கொடுக்கும்போது தொடக்க டோக்கன் இரண்டாவது தடவை சேர்ந்துவிடுவது உண்டு. `add_special_tokens=False` கொடுத்தால் தீரும்.

அடிக்கடி கேட்கும் புகார், மாதிரி பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் தானே அடுத்த கேள்வியையும் எழுதிக்கொண்டு போகிறது என்பது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நிரப்பு டோக்கனும் முடிவு டோக்கனும் ஒன்றே என்று வைத்திருப்பீர்கள். நிரப்பு டோக்கன் இருக்கும் இடங்களையெல்லாம் பயிற்சிக் கருவி `-100` என்று குறித்து, கணக்கில் எடுக்காமல் விடும். கூடவே உண்மையான முடிவு டோக்கனும் விடுபடும். எங்கே நிறுத்துவது என்பதை மாதிரி ஒருபோதும் கற்பதில்லை. இன்னொரு காரணம் நீளம். தமிழ்த் துண்டுகள் அகராதியில் குறைவாக உள்ள டோக்கனைசரில் எழுத்து பைட் பைட்டாக உடையும். "வேளாண்மை" என்ற சொல் எட்டுக் குறியீடுகள், 24 பைட். முழுக்க உடைந்தால் 24 டோக்கன். லாமா 2-ஐத் தமிழுக்குக் கொண்டுவந்த தமிழ்-லாமா 2023-ல் 16,000 தமிழ் டோக்கன்களை அகராதியில் சேர்த்தது இதற்காகத்தான். 512 டோக்கன் என்று வரம்பு வைத்தால் பதிலின் வாலும் முடிவு டோக்கனும் வெட்டுப்பட்டுப் போகும்.

இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழி, பயிற்சிக்குப் போகும் வரியை டோக்கனிலிருந்து திருப்பி எழுத்தாக்கிப் படிப்பது:

```python
ids, labels = row["input_ids"], row["labels"]
print(repr(tok.decode(ids)))
print(repr(tok.decode([i for i, l in zip(ids, labels) if l != -100])))
```

முதல் வரியில் முழு உரையாடல், தொடக்க டோக்கன் ஒரே ஒரு தடவை. இரண்டாவதில் பதிலும், அதன் கடைசியில் முடிவு டோக்கனும் மட்டும். கேள்வியும் அங்கே தெரிந்தால் மாதிரி கேள்வி எழுதவும் சேர்த்துக் கற்கிறது. முடிவு டோக்கன் இல்லையென்றால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். இருபது வரிகளை, முக்கியமாக மிக நீண்ட இருபதை, இப்படிப் படித்துவிட்டுத்தான் ஜிபியு வாடகைக்கு எடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று நம் கையில் இல்லை. அடிப்படை மாதிரி இணையத்தை ஏற்கெனவே படித்திருக்கிறது. உங்கள் சோதனைக் கேள்வி ஒரு பொது இணையதளத்திலிருந்து எடுத்தது என்றால் அதன் பதில் மாதிரிக்கு முன்பே தெரிந்திருக்கலாம். நம் பிரிப்பு அதைத் தடுக்காது. ஜிபிடி-3-ஐ உருவாக்கியவர்களே 2020-ல் எழுதிய கட்டுரையில், சோதனைத் தொகுப்புகளோடு ஒத்துப்போகும் பகுதிகளை நீக்க முயன்றதாகவும், நிரல் பிழையால் சில தங்கிவிட்டதாகவும், மறுபடி பயிற்றுவிக்கச் செலவு தாங்காது என்பதால் அப்படியே விட்டு ஆராய்ந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். நம்மால் முடிந்தது, இணையத்தில் எங்கும் வராத கேள்விகளைச் சோதனைக்கென்று நேரில் திரட்டுவது. அடுத்த குறுவையில் கேட்கப்படும் கேள்விகள் நூறு கிடைத்தாலும் போதும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை தொகுப்பை வெளியிடும்போது `group`, `source` இரண்டையும் நீக்காமல் வெளியிடுங்கள், இனம் சேர்த்த நிரலையும் கூடவே வையுங்கள். ஏற்கெனவே வெளியிட்டவர்கள் இனவாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டி, வரும் மதிப்பெண்ணைப் பழையதன் பக்கத்திலேயே போடுங்கள். அது குறைந்துதான் வரும். குறைந்த அந்த எண்ணைத்தான் அடுத்தவர் நம்பி வேலை செய்ய முடியும்.

அன்புடன்,
உங்கள் தொகுப்புகளின் வாசகர் ஒருவர்